பிரெஞ்சு பிரஸ் காபியில் வண்டல்: தூளைச் சலித்தால் தீருமா?

கோவையில் இருக்கிறேன். 600 மில்லி கண்ணாடி பிரெஞ்சு பிரஸ், எஃகு வலை. சிக்கரி கலக்காத அரபிகா 30 கிராம், கொதி அடங்கிய நீர் 500 மில்லி, 4 நிமிடம். சில மாதங்களாகக் கோப்பையின் கடைசி இரண்டு வாய் சேறாகவே இருக்கிறது. நாக்கில் மாவாக ஒட்டிக் கசக்கிறது.

வலை கிழியவில்லை, அதன் ஓரமும் கண்ணாடியை ஒட்டியே நிற்கிறது. சந்தேகம் மிக்ஸி மேல்தான். அதன் கத்தி கொட்டையை நொறுக்குவதால் பருமனான துண்டுகளோடு மாவும் விழுகிறது. அந்த மாவு வலைக்கண்ணில் தப்பிவிடுகிறது. குறைவாக அரைத்தால் பாதிக் கொட்டை அப்படியே மிஞ்சுகிறது, மாவும் இருக்கிறது.

4 நிமிடம் ஆனதும் மேலே மிதப்பதைக் கிளறி, நுரையை அள்ளிவிட்டு, இன்னும் 5 நிமிடம் அசைக்காமல் வைத்தேன். வலையை அடிவரை அழுத்தாமல் மேற்பரப்பிலேயே நிறுத்தி, மெதுவாக ஊற்றி, அடியில் கொஞ்சம் விட்டுவிட்டேன். வண்டல் நன்றாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. காகித வடிகட்டியில் ஊற்றினால் தெளிந்துவிடுகிறது. கூடவே எண்ணெயும் அடர்த்தியும் போய்விடுகின்றன. அதற்கு இந்தப் பிரஸ் எதற்கு?

கையால் சுற்றும் பர் கிரைண்டர் விலை அதிகம். மிக்ஸித் தூளை மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் போட்டால் போதுமா, அல்லது கிரைண்டர் வாங்குவதுதான் வழியா?