புதுப்பிப்பு: குழுவுல பேசும்போது முகம் சிவக்குறது

முன்ன கேட்டது: "குழுவுல வாயத் திறந்தாலே முகம் சூடாகி குரல் நடுங்குது, எல்லாரும் கவனிப்பாங்களோன்னு பயம், என்ன பண்ண?"

ப்ரோப்ரனோலால் மாத்திரை போடச் சொன்ன அண்ணா, நடுக்கத்துக்கு அது சரிதான், ஆனா எனக்கு வீசிங் இருக்கறதால வேலூர் டாக்டர் வேணாம்னுட்டாங்க. கவுன்சலிங் பண்ற அக்கா சொன்னதத்தான் செஞ்சேன், துப்பட்டாவ கழுத்து வரைக்கும் இழுத்து மூடறது, மனசுல ஒத்திகை பாத்து வேகமா ஒப்பிச்சு முடிக்கறது ரெண்டையும் விட்டுட்டு, கேக்கறவங்க முகத்தையும் கேள்வியையும் மட்டும் கவனிக்கறது. குடியாத்தம் மகளிர் குழுல கடன் கணக்க அப்படியே வாசிச்சேன், மூஞ்சி எரிஞ்சுது, ஆனா போன்ல எடுத்த வீடியோல லேசாதான் சிவப்பு தெரியுது, பக்கத்துல இருந்தவங்க வட்டியப் பத்திதான் கேட்டாங்க. மேடை பயத்த எழுதின தம்பி, எனக்கு மேடை இல்லப்பா, தெரிஞ்சவங்க வட்டமா உக்காந்தாதான் கஷ்டம். திடீர்னு பேர் சொல்லி கூப்பிட்டா இன்னும் நடுங்குது, அதுக்கு வழி தெரிஞ்சவங்க எழுதுங்க.