அண்ணாச்சிக்குப் போகாத மெயில்
(குழு: தாத்தா மாலை வகுப்பு – வீட்டு ஆட்கள்)

சுந்தரம் பெரியப்பா: சிங்கப்பூர் அண்ணாச்சிக்கு எழுதிவைத்திருக்கிறேன். "தங்கள் பேருதவியால், ஜூனில் 9 பிள்ளைகள் மட்டுமே ஒரு பத்தி வாசித்த இடத்தில் பிப்ரவரியில் 24 பேர் வாசிக்கிறார்கள். இரவு 8 மணிக்கு வீடியோவில் பேச விரும்புகிறோம்." அனுப்பவா?

கார்த்தி: அங்கே 10.30 பெரியப்பா 😂

செல்வி சித்தி: எழுப்பிவிட்டுக் காசு கேட்கும் குடும்பம்

மீனா: பெரியப்பா, பொறுங்கள். அந்த 24ல் 5 பேர் நவம்பரில் சேர்ந்தவர்கள், வரும்போதே வாசித்தார்கள். இரண்டு முறையும் நாம் வாசிக்க வைத்துப் பார்த்த பிள்ளைகள் 26 பேர்தான். அவர்களில் வாசிப்பவர்கள் 9 பேரிலிருந்து 19 பேர் ஆனார்கள். அதைத்தான் எழுத வேண்டும். மீதி 7 பேர் இன்னும் எழுத்துக் கூட்டுகிறார்கள் என்பதையும் சேர்க்கலாம். அடுத்த வருடப் பணம் எதற்கு என்று கேட்டால் அந்த ஏழு பேர்தான் பதில்.

சுந்தரம் பெரியப்பா: நம் குறையை நாமே சொல்வதா? உன் அப்பனும் இப்படித்தான்.

மீனா: போன வருடம் 40 பை கொடுத்தோம் என்று எழுதினோம். "பை இருக்கட்டும், பிள்ளை வாசிக்கிறதா?" என்று அண்ணாச்சி கேட்டாரே. பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டம் வேறு நடக்கிறது, முழுப் பெருமையையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

செல்வி சித்தி: பை தைத்த 1,200 எனக்கு வரவே இல்லை

ரவி மாமா: 🙄 ஆரம்பித்துவிட்டாள்

மீனா: இப்படி எழுதலாமா? "அண்ணாச்சி, வணக்கம். வாசிப்புக் கணக்கைக் காட்டவும், அடுத்த வருடம் தொடர்வது பற்றிப் பேசவும் அரை மணி நேரம் வேண்டும். சனி அல்லது ஞாயிறு, உங்கள் நேரம் காலை 11 சரிப்படுமா? ஒரு பக்கக் கணக்கு இணைத்திருக்கிறேன்."

சுந்தரம் பெரியப்பா: பணப் பேச்சை மெயிலில் எடுப்பது மரியாதை இல்லை.

மீனா: சொல்லாமல் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால்தான் சங்கடம். தொகையை அப்புறம் பேசும்போது சொல்லலாம்.

கார்த்தி: அவர் சிங்கப்பூர் சிட்டிசன் ஆகிவிட்டாரே, தீபாவளிக்குப் போட்டோ போட்டாரே

மீனா: ஐயோ. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தவரை அவர் சொந்தச் சேமிப்பை அனுப்பினால் தொந்தரவு இல்லை. இனி அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் நம் வகுப்பு டிரஸ்ட் வாங்கக் கூடாது.

சுந்தரம் பெரியப்பா: சொந்தக்காரர் 10 லட்சம் வரை அனுப்பலாம். பேங்கில் விசாரித்தேன்.

மீனா: அது தனி ஆளுக்கு. டிரஸ்டுக்கு இல்லை.

ரவி மாமா: உன் கணக்கில் வாங்கி டிரஸ்டுக்குப் போட்டுவிடு

மீனா: மாமா, அதைத்தான் செய்யவே கூடாது. ஆடிட்டரைக் கேட்போம். கணக்கைக் காட்டும் சந்திப்பு எப்படியும் வேண்டும், அதை மட்டும் கேட்டு அனுப்பலாம்.

செல்வி சித்தி: ஆடிட்டர் பழனிக்கு நடைப்பயணம் போயிருக்கிறார். அப்போ என் 1,200?

சுந்தரம் பெரியப்பா: காலை 11 என்றால் நமக்கு எத்தனை மணி?

கார்த்தி: 8.30

சுந்தரம் பெரியப்பா: ஞாயிறு வேண்டாம், கறிக்கடைக்குப் போக வேண்டும்.