கிராஜுவிட்டி கணக்கு சரியா? 17 வருஷம், 30-ஆல வகுத்திருக்காங்க

சம்பளச்சீட்டு:
அவசரம். வேலையை விட்டுட்டேன், 17 வருஷத்துக்கு மேல சர்வீஸ். பேசிக் 31,200. கம்பெனி 31,200 ÷ 30 × 15 × 17 = 2,65,200 போட்டு செட்டில்மென்ட்ல கையெழுத்து கேக்குறாங்க. சரிதானா?

கணக்குப்பிள்ளை:
"17 வருஷத்துக்கு மேல"ன்னா எவ்வளவு மேல? சேர்ந்த தேதி, விலகின தேதி, டி.ஏ. தனியா உண்டா, கம்பெனியில எத்தனை பேர்? இதெல்லாம் இல்லாம கேக்குறது, எடைபோடாம நகைக்கு விலை கேக்குற மாதிரி.

நொய்யல்:
சிடிசில மாசாமாசம் பேசிக்ல 4.81% கிராஜுவிட்டின்னு காட்டியிருப்பாங்களே. சேர்ந்த நாள்ல இருந்து அதைக் கூட்டுங்க, அதான் உங்க பணம்.

கணக்குப்பிள்ளை:
4.81 எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா? 15-ஐ 26-ஆல வகுத்து, அதை 12-ஆல வகுத்தா வரும். அது கம்பெனி ஒதுக்கி வைக்கிற கணக்கு. கூட்டினா தொழிலாளிக்குத்தான் நஷ்டம். 2008-ல ஒருத்தர் பேசிக் 6,000-ன்னு வைங்க, அந்த வருஷத்துக்கு 3,461 ரூபாதான் சேரும். சட்டம் எல்லா வருஷத்துக்கும் கடைசியா வாங்கின சம்பளத்தைத்தான் எடுக்கச் சொல்லுது.

சம்பளச்சீட்டு:
சேர்ந்தது 2-1-2008, கடைசி நாள் 31-8-2025. டி.ஏ. 5,200 தனி. 60 பேர் இருக்கோம்.

மல்லிகா:
10 பேருக்கு மேல இருக்கிறதால கிராஜுவிட்டி சட்டம் பொருந்தும். 30-ஆல வகுக்குறது, இந்தச் சட்டத்துக்குள்ள வராத இடங்களுக்கு வருமான வரி விலக்கு பாக்குற கணக்கு. முழு வருஷத்தை மட்டும் எடுக்குறதும் அதுலதான். உங்க எச்.ஆர். அந்த வாய்பாட்டைத் தூக்கிப் போட்டிருக்காங்க போல.

உங்களுக்கு பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 36,400. 26-ஆல வகுத்தா ஒரு நாளுக்கு 1,400, பதினஞ்சு நாளுக்கு 21,000. வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம், போனஸ் சேராது. 17 வருஷம் போக ஏறக்குறைய எட்டு மாசம் நிக்குது. ஆறு மாசத்தைத் தாண்டினா அது முழு வருஷம், சரியா ஆறு மாசம்னா கிடையாது. ஆக 18 × 21,000 = 3,78,000.

நொய்யல்:
புது தொழிலாளர் சட்டத்துல அலவன்ஸும் சேருமே?

மல்லிகா:
அது 2025 நவம்பர் 21-ல இருந்து. இவர் ஆகஸ்ட்லயே விலகிட்டார், 1972 சட்டம்தான்.

வடக்குவீதி:
நான் 4 வருஷம் 10 மாசம். மேல சொன்ன மாதிரி அஞ்சா எடுத்துப்பாங்களா?

கணக்குப்பிள்ளை:
அந்த ஆறு மாசக் கணக்கு தொகைக்கு, தகுதிக்கு இல்ல. ஆனா அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை செஞ்சா போதும்னு சென்னை உயர் நீதிமன்றம் 1998-லயே சொல்லியிருக்கு. வாரம் ஆறு நாளுக்குக் குறைவான வேலைன்னா 190 நாள்.

நொய்யல்:
சட்டத்துல அஞ்சு வருஷம்னுதான் எழுதியிருக்கு. வேற மாநில கம்பெனி இந்தத் தீர்ப்பைக் காட்டினா சிரிக்கும்.

கணக்குப்பிள்ளை:
சிரிக்கட்டும். 2ஏ பிரிவைப் படிச்சிட்டு வாங்க.

மல்லிகா:
இதுக்குத் தனி இழை போடுங்கப்பா. சம்பளச்சீட்டு, 17-ன்னு ஏன் எடுத்தாங்கன்னு கேட்டீங்களா?

சம்பளச்சீட்டு:
முதல் வருஷம் டிரெய்னியாம், அது சேராதாம். சொல்ல மறந்துட்டேன்.

கணக்குப்பிள்ளை:
முக்கியமானதை மறந்துட்டு மத்ததெல்லாம் சொல்லுங்க.

மல்லிகா:
அப்போ 17-க்கும் ஒரு நியாயம் இருக்கலாம். 2009 ஜனவரியில இருந்து எண்ணினா 16 வருஷம் எட்டு மாசம், அது 17 ஆகும். அப்ரண்டிஸுக்கு இந்தச் சட்டம் கிடையாது. ஆனா டிரெய்னின்னு பேர் வெச்சதாலயே யாரும் அப்ரண்டிஸ் ஆயிட மாட்டாங்க. அப்ரண்டிஸ் ஒப்பந்தம் பதிவு ஆச்சான்னு பாருங்க. அந்த வருஷமே பி.எஃப். பிடிச்சிருந்தா உங்க பக்கம் நல்ல ஆதாரம். யுஏஎன் தளத்துல சர்வீஸ் ஹிஸ்டரியில சேர்ந்த தேதி இருக்கும்.

எப்படிப் பாத்தாலும் 17 × 21,000 = 3,57,000. அதுலயே 91,800 குறைச்சிருக்காங்க. "முழுத் தொகையும் பெற்றேன்"னு கையெழுத்து போடாதீங்க. படிவம் I-ஐ எழுத்துல குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை வாங்குங்க. விலகி 30 நாளுக்குள்ள தரணும், தாண்டினா 10% தனி வட்டி. இந்த 91,800-க்கு மாசம் 765 ரூபா ஆகுது. மறுத்தாலோ குறைச்சுக் குடுத்தாலோ 90 நாளுக்குள்ள தொழிலாளர் துறையில கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட படிவம் N போடணும்.

நொய்யல்:
படிவமெல்லாம் எதுக்கு, வக்கீல் நோட்டீஸ் விட்டா அலறிக்கிட்டுத் தருவாங்க.

கணக்குப்பிள்ளை:
நோட்டீஸ் செலவை நீங்க தரீங்களா?

சம்பளச்சீட்டு:
26-க்கும் டி.ஏ.வுக்கும் ஒத்துக்கிட்டாங்க. 17-ல தான் நிக்கிறாங்க. 2008 பி.எஃப். சீட்டு தேடிட்டு இருக்கேன்.

வடக்குவீதி:
என் 4 வருஷம் 10 மாசத்துக்கு யாராவது?