கலைச்சொல் வேண்டும்: ஏஓஐ இயந்திரத்தின் 'ஃபால்ஸ் கால்'

ஆய்வாளர், நிபோங் திபால்:

வணக்கம். பாயான் லெப்பாஸில் மின்சுற்று போர்டு கட்டும் ஆலை ஒன்றின் பொறியாளருக்கு, சேர்ந்து ஒரு சிறு ஆய்வு செய்யலாமா என்று கேட்டு எழுதுகிறேன். அவரும் இந்தக் குழுவில் இருக்கிறார். "தமிழில் எழுதுங்கள், மேலிடத்துக்கு நான் மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டதால் வரைவை இங்கேயே போடுகிறேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஏஓஐ என்பது போர்டைப் படமெடுத்துக் குறையைத் தானாகத் தேடும் இயந்திரம்.

"சார், உங்கள் லைனில் சோல்டர் போட்ட போர்டு ஏஓஐ கேமராவுக்குள் போகிறது. கேமரா சந்தேகப்பட்ட இணைப்பின் படம் ஆப்பரேட்டரின் திரைக்கு வருகிறது. அவர் பார்த்து, நல்லது என்றால் ஒரு பட்டன், குறை என்றால் இன்னொரு பட்டன் அழுத்துகிறார். நல்லது என்று அழுத்தியதையெல்லாம் கணினி ஃபால்ஸ் கால் என்று எழுதிவைக்கிறது. அந்தப் பட்டியலில் உண்மையான குறை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

ஒரு லைன், ஒரு மாடல் போதும். ஆப்பரேட்டர் நல்லதென்று விட்டது 150, குறையென்று தள்ளியது 150. எது எந்தப் பக்கம் என்று தெரியாதபடி கலந்து, வேறு இரண்டு பேர் தனித்தனியாக மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இருவரும் ஒத்துப்போகாதவற்றை மட்டும் மூன்றாவதாக ஒருவர் பார்க்கட்டும். படம் எதுவும் ஆலையை விட்டு வெளியே வர வேண்டாம், நானே வருகிறேன்."

இதில் ஃபால்ஸ் கால் என்பதற்கு என்ன எழுதுவது? தலைப்பில் 'வெள்ளோட்ட ஆய்வு' என்று போட்டிருக்கிறேன், அதுவும் சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்:

அம்மா, வெள்ளோட்டம் நல்ல சொல். ஆனால் தேரைக் கட்டி முடித்த பிறகுதான் வெள்ளோட்டம் விடுவார்கள். நீங்கள் இன்னும் மரமே அறுக்கவில்லையே? 'முன்னாய்வு' போதும். முன்னோட்டம் என்றால் சினிமா டிரெய்லர் ஞாபகம் வரும், வேண்டாம்.

மற்றதற்கு 'பொய்க்குறை'. பொய்க்கால் குதிரை மாதிரி நாவில் நிற்கும். யாராவது 'பொய் அழைப்பு' என்று கிளம்பிவிடப் போகிறார்கள். போனை அடித்துவிட்டு வைத்துவிட்ட கதையாகிவிடும்.

ஆய்வுக்கூட ஊழியர், கோலாலம்பூர்:

இதற்கு ஏன் புதுச் சொல்? ரத்தப் பரிசோதனையில் நாங்கள் 'பொய் நேர்மறை' என்கிறோம், அதே சங்கதிதான். எங்கள் பிரிவில் ஒரு கிட் மாற்றியபோதும் இப்படி ஒரு சின்ன ஆய்வு நடந்தது. முப்பது மாதிரி எடுத்தோம், முடிந்தது. முன்னாய்வுக்கு முப்பது போதுமென்றுதான் எல்லாரும் சொல்வார்கள். முந்நூறு எதற்கு, பாவம் அந்த மைக்ராஸ்கோப் ஆட்கள்.

ஆய்வாளர்:

ஐயா, முன்னாய்வு என்றே மாற்றிவிட்டேன். நன்றி.

முப்பது போதும் என்பது பாதி சரி. படிவம் புரிகிறதா, ஓர் இணைப்பைப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள முப்பது தாராளம். விகிதம் சொல்லத்தான் போதாது. ஒரு பேச்சுக்கு, விடப்பட்ட 150இல் 6 உண்மைக் குறை என்று வைத்துக்கொள்வோம். அது 4%. ஆனால் உண்மை விகிதம் ஏறக்குறைய 1.5%இலிருந்து 8.5% வரை எங்கும் இருக்கலாம். 150க்கே இவ்வளவு அகலம். முப்பதில் ஒன்று கிடைத்தால் அதை வைத்து எந்த மேலாளரிடமும் பேச முடியாது.

சொல்லுக்கு வருகிறேன். பொய் நேர்மறை, பொய்க்குறை இரண்டிலும் எனக்கு ஒரே உறுத்தல். 'பொய்' என்றால் உண்மை எது என்று ஏற்கெனவே தெரியும் என்றாகிறது. கணினிப் பதிவில் இருப்பதோ இயந்திரம் சந்தேகப்பட்டது, ஆள் விட்டார் என்பது மட்டும்தான். ஆள் சொன்னது சரியா என்பதுதான் என் கேள்வியே. பதில் கிடைக்குமுன் பொய்க்குறை என்று பெயர் வைத்தால் ஆய்வு எதற்கு? அதனால் பதிவில் உள்ளதை 'விடுவிப்பு' என்று சொல்லலாமா? ஜாமீனில் வெளியே வந்தவரை நிரபராதி என்று யாரும் சொல்வதில்லை.

தமிழாசிரியர்:

விடுவிப்பு என்றால் பொதுவாகப் போய்விடுகிறதே. எதிலிருந்து விடுவிப்பு? எனக்கு நிறைவில்லை. சரி, இயந்திரம் பிடிக்காமல் விட்டுவிட்ட குறைக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? அதுவல்லவா பெரிய ஆபத்து?

ஆய்வாளர்:

'எஸ்கேப்' என்பார்கள் ஐயா. 'தப்பிய குறை' என்று வைத்திருக்கிறேன். வெறும் 'தப்பு' என்று சுருக்கினால் ஆப்பரேட்டர் தப்பு செய்தார் என்று படித்துவிடுவார்கள்.

பெரிய ஆபத்து அதுதான், ஆனால் இந்த ஆய்வில் அதைத் தொடவே மாட்டேன். இயந்திரம் தானாகவே ஏற்ற 300 இணைப்பைப் பார்த்து ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை என்றாலும், குறை 1% வரை இருக்க வாய்ப்புண்டு. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மேல் எல்லை அது. ஒரு போர்டில் 2000 இணைப்பு என்றால் 1% என்பது போர்டுக்கு 20 குறை. அப்படி ஓர் ஆலை நடக்கவே முடியாது. ஆகவே அந்த 300இலிருந்து நாம் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. பத்து லட்சத்தில் நூறு என்ற அளவுக்குக் கீழே என்று காட்ட 30,000 இணைப்பைக் குறையின்றிப் பார்க்க வேண்டும். முன்னாய்வில் அது ஆகாது.

பொறியாளர், பாயான் லெப்பாஸ்:

டாக்டர், நைட் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன். எங்கள் லைனில் 'ஃபால்ஸ் கால்' தவிர வேறு எதைச் சொன்னாலும் யாருக்கும் புரியாது, அது வேறு விஷயம். ஆனால் நீங்கள் பிரித்துச் சொன்னது சரி. வேறு சப்ளையரின் கப்பாசிட்டர் வந்த வாரம் உடம்பு நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. திரை முழுக்க ஃபால்ஸ் கால். வரிசையாக நாற்பது படம் நல்லதாகவே வந்தால் நாற்பத்தொன்றாவதை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. நல்லது பட்டனில் விரல் தானாகப் போகும். என் கணக்கில் அதுவும் ஃபால்ஸ் காலாகத்தான் ஏறியிருக்கும்.

அதனால் 150ஐ ஒரே நாளில் அள்ளாதீர்கள். அமைதியான ஷிப்டில் பாதி, திரை நிறைந்து வழிகிற ஷிப்டில் பாதி எடுங்கள். இரண்டையும் தனியாகவே எண்ணுங்கள். எனக்கு அந்த வித்தியாசம்தான் வேண்டும்.

உங்கள் திட்டத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது. குறை என்று தள்ளிய இணைப்பு அரை மணி நேரத்தில் டச்-அப் மேசைக்குப் போய்விடும். அங்கே சோல்டர் அயர்ன் வைத்த பிறகு நீங்கள் பார்ப்பது வேறு இணைப்பு. அதற்கு முன்பே போர்டை ஒதுக்க வேண்டும், அதற்கு புரொடக்ஷன் சம்மதம் வேண்டும். இரண்டாவது, மைக்ராஸ்கோப் மேலே தெரிவதைத்தான் காட்டும். பிஜிஏ மாதிரி கால் அடியில் மறைந்திருக்கும் பாகம் என்றால் எக்ஸ்ரே கேட்கும், எங்கள் எக்ஸ்ரேக்கு எப்போதும் வரிசை. கால் வெளியே நீட்டியிருக்கும் பாகங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெட்டிப் பார்ப்பது ஸ்கிராப் ஆன போர்டில் மட்டும், நல்லதைத் தொட விடமாட்டார்கள்.

ஆய்வாளர்:

ஷிப்ட் பிரிப்பு எனக்குத் தோன்றவே இல்லை சார், சேர்த்துவிடுகிறேன். ஆனால் பிரித்தால் பக்கத்துக்கு 75தான். வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். சின்ன வித்தியாசம் தெரியவில்லை என்றால், வித்தியாசமே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிடாதீர்கள்.

கோலாலம்பூர் ஊழியர்:

ஓ, ஆளையும் சேர்த்துச் சோதிக்கிறீர்களா? நான் இயந்திரத்தை மட்டும் என்று நினைத்தேன். அப்படியானால் அந்த ஆப்பரேட்டர்களிடம் சொல்லிவிட்டுத்தானே செய்வீர்கள்? சொன்னால் அந்த வாரம் மட்டும் கவனமாகப் பார்ப்பார்கள்.

பொறியாளர்:

நல்ல கேள்வி. ஒளித்துச் செய்தால் அடுத்த தடவை என்னை நம்பமாட்டார்கள். பெயர் எழுதாமல் ஷிப்ட் மட்டும் குறிப்போம், சொல்லிவிட்டே செய்வோம். கொஞ்சம் கவனமாகத்தான் பார்ப்பார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. டாக்டர், உங்கள் பல்கலைக்கழகத்திலும் இதற்கு அனுமதி வாங்க வேண்டியிருக்குமே?

ஆய்வாளர்:

ஆமாம் சார், நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்க்கிறேன்.

தமிழாசிரியர்:

பதிவில் இருப்பது 'விடுகுறை', சோதித்துப் பார்த்த பின் 'பொய்க்குறை'. இப்படி இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. விடுவிப்புக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பொறியாளர்:

விடுகுறை என்றால் கேமரா விட்டதா, ஆள் விட்டதா என்று என் ஆட்கள் கேட்பார்கள் ஐயா. பெயரை நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள். டாக்டர், வரைவைத் திருத்தி அனுப்புங்கள். வருவதாக இருந்தால் புதன் வேண்டாம், அன்று லைனில் வேறு மாடல் ஓடும்.