புதுப்பிப்பு: பழைய சகாவிடம் ரெஃபரல் கேட்ட மெசேஜ், அழைப்பு வந்தது

என் கேள்வி: "கடலூர் சிப்காட் லேபில் கூட வேலை பார்த்த அண்ணன் இப்போது புதுச்சேரி மாத்திரை கம்பெனியில். க்யூசி வேலைக்கு ரெஃபரல் கேட்டு என்ன எழுதுவது?"

எல்லோருக்கும் நன்றி. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கைகொடுத்தது, "வேலை விளம்பரம் கேட்பதன் பக்கத்தில் நீ செய்ததை வை" என்று இங்கே வந்த யோசனைதான். அனுப்பியது:

"அண்ணே, வணக்கம். உங்க கம்பெனி க்யூசி அனலிஸ்ட் வேலை பார்த்தேன், ஜாப் ஐடி கீழே. எச்பிஎல்சி, ஸ்டெபிலிட்டி கேட்டிருக்காங்க. நீங்க போனப்புறம் அஸே, இம்ப்யூரிட்டி, ஸ்டெபிலிட்டி சாம்பிள் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். டிசல்யூஷன் மட்டும் பண்ணதில்ல. ரெஸ்யூம் இணைச்சிருக்கேன். சரின்னு பட்டா ரெஃபர் பண்ணுங்க, இல்லேன்னாலும் பரவாயில்ல."

எதிர்பாராதது, அண்ணன் இதை அப்படியே ஹெச்ஆருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டார். டிசல்யூஷன் வரியை எடுக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று. அது மாத்திரை கரைவதைப் பார்க்கும் டெஸ்ட், எங்களுடையது மாதிரி மூலமருந்து லேபில் வராது என்று அண்ணனே அவர்களிடம் சொல்லிவைத்தார்.

"முதலில் கம்பெனி போர்ட்டலில் அப்ளை செய்" என்று இங்கே ஒருவர் சொன்னது பாதி சரி. இந்தக் கம்பெனியில் நேரடியாக அப்ளை செய்துவிட்டால் பிறகு ரெஃபரல் ஏறாதாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தன் சம்பளக் கதையைச் சொன்ன தம்பிக்கு: எனக்குச் சம்பளப் பேச்சே இன்னும் வரவில்லை.