புதுப்பிப்பு: பெருந்துறைப் பக்கக் கிளையில் பாக்கியே இல்லையா?

போன வாரம் நான் கேட்டது: “குழுக்கடன் கிளைத் தணிக்கை. 30 நாளுக்கு மேல் பாக்கி ஒன்றுகூட இல்லை. நம்பலாமா?”

சாயங்காலம் கிளைப் பணப்பெட்டியை எண்ணச் சொன்ன தம்பி பாதி சரி. எண்ணினேன், பைசா பிசகவில்லை. கணினியில் ஏறிய பணம்தானே பெட்டிக்கு வரும்!

மூத்த அக்கா சொன்னபடி உறுப்பினர் அட்டைகளை வீடு வீடாகப் பார்த்ததில்தான் பிடிபட்டது. ஒரு குழுவில் 20 பேர், வாரம் தலைக்கு 700. செவ்வாயன்று 20 அட்டையிலும் வசூல் கையெழுத்து இருக்கிறது. கணினியிலோ அன்று 14 பேர்தான். மீதி 4,200 வசூல்காரர் கையில். அடுத்த செவ்வாய் புது வசூலிலிருந்து அந்த ஆறு பேரின் பழைய தவணையை அடைத்து, இந்த முறை 9 பேரை விட்டிருக்கிறார். துண்டு 6,300 ஆகிவிட்டது.

பழையது உடனுக்குடன் அடைபடுவதால் யாரும் 30 நாளைத் தாண்டுவதில்லை. 30 நாளுக்குள்ளான முதல் கட்டத்தில் மட்டும் வாராவாரம் பாக்கி இருக்கும், ஆனால் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்த எனக்கு அது உறைக்கவில்லைங்க.



வராதவர்களுக்குக் கைக்காசு கட்டியதாக வசூல்காரர் சொல்கிறார். அட்டைக் கையெழுத்தோடு அது ஒட்டவில்லை. இரண்டு பெண்கள், தங்கள் வங்கிக் கணக்கில் விழுந்த கடனை எடுத்து வேறொருத்தியிடம் கொடுத்ததாகவும் சொன்னார்கள். பட்டுவாடாப் பக்கம் இனிமேல்தான் போகணும்.