பொருள்: ‘கண்டுபிடிக்கப்படவில்லை’ என்பதற்கு வேறு சொல் வேண்டும்

முத்தியால்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்கேன் மென்பொருள் ஒன்றின் மெனுக்களையும் செய்திகளையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டிஸ்கவரி என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. நான் எங்கும் ‘கண்டுபிடிப்பு’ என்றே போட்டிருந்தேன். போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமா பையன் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் இருந்தபோது, அவனுடைய லேப்டாப் என் மொழிபெயர்ப்பையே எனக்குக் காட்டியது: “சாதனம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.” அவன் கடைக்குள் இருந்த ஆல் இன் ஒன் மெஷினைத் தட்டி, “இன்னும் கண்டுபிடிக்கவே இல்லையா? அப்போ இது என்னக்கா?” என்றான்.

அந்த மெஷினில் பிரிண்ட் நன்றாக வருகிறது. பிரவுசரில் 192.168.1.37 என்று அடித்தால் அதன் அமைப்புப் பக்கமும் திறக்கிறது. ஸ்கேன் மட்டும்தான் தகராறு. ‘கண்டறிதல்’ என்று மாற்றலாமா? சொல்லும் வேண்டும், கடையின் சிக்கலுக்குத் தீர்வும் வேண்டும். லேப்டாப்பில் உபுண்டு.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

அக்கா, இது ஃபயர்வால்தான், சந்தேகமே வேண்டாம். 5353 யூடிபி போர்ட்டைத் திறந்துவிடுங்கள். சொல்லுக்கு ‘தேடல்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

லாஸ்பேட்டையிலிருந்து:

தம்பி சொன்னதில் பாதி சரி. உபுண்டுவின் ஃபயர்வால் அரணான ufw இயல்பாகவே 5353-க்கு வரும் குழு அழைப்பை உள்ளே விட்டுவிடும். அடைபடுவது பெரும்பாலும் இன்னொரு முறை. அதில் மென்பொருள் 239.255.255.250 என்ற குழு முகவரியை நோக்கி 3702 போர்ட்டில் குரல் கொடுக்கிறது. மெஷினோ தன் சொந்த முகவரியிலிருந்து பதில் சொல்கிறது. கூப்பிட்டது ஒருவரை, பதில் வருவது வேறொருவரிடமிருந்து. அதனால் அரண் அதைக் கேட்டு வந்த பதிலாக எண்ணாமல், அழையா விருந்தாளி என்று தடுத்துவிடுகிறது.

ஊகிக்க வேண்டாம். அரணை ஒரு நிமிடம் நிறுத்தி, யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

```
sudo ufw disable
avahi-browse -rt _uscan._tcp
airscan-discover
sudo ufw enable
```

சொல்லைப் பற்றி ஒன்று. ‘தேடல்’ என்றால் மென்பொருள் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுவது போலத் தோன்றும். நடப்பது அதுவல்ல. தெருமுனையில் நின்று “ஸ்கேன் பண்ணத் தெரிந்தவர் யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் ஆளே இல்லை என்று பொருளாகாது. குரல் போய்ச் சேராமல் இருக்கலாம், பதில் வரும் வழியில் தடைபட்டிருக்கலாம். நம் சொல் இந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

நான் பத்திரம் எழுதுபவன். பழைய மூலப்பத்திரத்தை ஸ்கேன் செய்தால் நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. அதற்கும் இந்த ஃபயர்வாலைத்தான் நிறுத்த வேண்டுமா?

லாஸ்பேட்டையிலிருந்து:

வேண்டாம் ஐயா. தாளை மேலே அடுக்கி ஸ்கேன் செய்யும்போது மட்டும் கோடு விழுந்தால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் தூசியோ ஒயிட்னரோ ஒட்டியிருக்கும். ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அரணை நிறுத்திப் பார்த்தேன், இரண்டு கட்டளையும் ஒன்றும் காட்டவில்லை. ஆக அரண் குற்றவாளி இல்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. லேப்டாப்பின் முகவரி 192.168.0.12. மெஷினின் முகவரி 192.168.1.37. கேட்டால், பின்னறையில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை முன்னறை ரவுட்டரிலிருந்து ஒயர் இழுத்து மாட்டியிருக்கிறானாம்.

லாஸ்பேட்டையிலிருந்து:

அதேதான். பின் ரவுட்டரின் வான் துளையில் ஒயரைச் செருகியிருப்பார். அப்போது அது தனித் தெருவாகிவிடும். பின் தெருவிலிருந்து முன் தெருவுக்கு, முகவரி தெரிந்தால் கடிதம் போகும். அதனால்தான் பிரிண்ட் வருகிறது, பிரவுசர் திறக்கிறது. குரல் மட்டும் தாண்டாது. 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு இடும் அழைப்பை எந்த ரவுட்டரும் அடுத்த பக்கத்துக்குக் கடத்தாது, அதன் விதியே அப்படி.

நல்ல வழி, பின் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது. முதலில் அது முகவரி வழங்குவதை நிறுத்துங்கள், அதன் சொந்த முகவரியை முன் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். பிறகு ஒயரை வான் துளையிலிருந்து எடுத்து லான் துளையில் செருகுங்கள். இரண்டறையும் ஒரே தெருவாகிவிடும்.

இப்போதைக்கு அதைத் தொட முடியாது என்றால், குரல் கொடுக்காமல் நேரே முகவரியைச் சொல்லிவிடலாம். `/etc/sane.d/airscan.conf` கோப்பில் `[devices]` என்ற பகுதி ஏற்கெனவே இருக்கும், அதன் கீழ் இந்த ஒரு வரி:

```
[devices]
"Kadai" = http://192.168.1.37/eSCL, eSCL
```

முன்னறை வைஃபையில் இணைந்து `avahi-browse` ஓட்டினால் போர்ட் எண்ணும் `rs=` என்ற இடத்தில் பாதையும் தெரியும். போர்ட் 80 இல்லாவிட்டால் முகவரிக்குப் பின் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறை உண்டு. மெஷினின் பொத்தானை அழுத்தி லேப்டாப்புக்கு அனுப்பும் வேலை இதில் நடக்காது, ஏனென்றால் முன் தெருவிலிருந்து பின் தெருவுக்கு வழி இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அந்த வரியைச் சேர்த்ததும் ஸ்கேன் வந்தது. இரண்டு நாள்தான். நேற்று மழையில் கரண்ட் போய் வந்தது, மறுபடி காணோம். மெஷின் இப்போது 192.168.1.41.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

மெஷினின் திரையிலேயே 37 என்று நிலையாகப் போட்டுவிடுங்கள் அக்கா. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து:

ரவுட்டர் வழங்கும் எண்களுக்குள் 37 இருந்தால், கடைக்கு வரும் யாரோ ஒருவரின் போனுக்கும் அதே எண்ணைக் கொடுத்துவிடக்கூடும். அப்போது இரண்டும் தடுமாறும், பிரிண்டும் போகும். முன் ரவுட்டரில் மெஷினின் மேக் எண்ணைப் பதிந்து 37-ஐ அதற்கென்று ஒதுக்குங்கள். மெஷின் தானாக முகவரி கேட்கும் நிலையிலேயே இருக்கட்டும். ஒதுக்கியபின் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கலைச்சொல்லிலும் இந்த இரண்டையும் பிரித்துவைப்போம். மெஷினில் நாமே போடுவது ‘நிலைமுகவரி’, ரவுட்டரில் பதிவது ‘ஒதுக்கிய முகவரி’. டிஸ்கவரிக்கு என் முன்மொழிவு ‘விளித்தறிதல்’. கூப்பிட்டுத் தெரிந்துகொள்வது என்று பொருள். பள்ளியில் எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்று படித்திருக்கிறோம், சொல் புதிதல்ல.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

அண்ணே, ஜெராக்ஸ் கடைக்காரர் ‘விளித்தறிதல்’ என்ற பொத்தானைப் பார்த்தால் தொடவே மாட்டார். ‘விழித்தறிதல்’ என்று படித்தாலும் ஆச்சரியமில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

முகவரியை ஒதுக்கியாயிற்று. மெயின் சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் பார்த்தோம், 37-லேயே நிற்கிறது. பின் ரவுட்டரை மாற்ற ஞாயிறு வரை பொறு என்கிறான்.

பதினோரு இடத்துக்கும் ஒரே சொல் பொருந்தாது என்று இப்போது தோன்றுகிறது. பொத்தானில் ‘கருவிகளைத் தேடு’ என்றே விடுகிறேன், தம்பிக்காக. அமைப்புகளின் உள்பக்கத்திலும் உதவிக் கையேட்டிலும் ‘விளித்தறிதல்’. பிழைச்செய்தியை முழுக்க மாற்றிவிட்டேன்: “எந்தக் கருவியும் பதில் தரவில்லை. முகவரி தெரிந்தால் இங்கே இடுக.”

லாஸ்பேட்டையிலிருந்து:

பிழைச்செய்தி நன்று. பொத்தானில் ‘தேடு’ என்பதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. ‘கருவிகளை அழை’ என்று போட்டால் என்ன?

கடலூர் முதுநகரிலிருந்து:

கோடு போய்விட்டது, நன்றி. ‘அழை’ என்றால் போன் போட்டுவிடுமோ என்று நான் பயப்படுவேன்.